ஸ்கேனில் தெரிவது கட்டி அல்ல

வணக்கம் நேயர்களே. கொழும்பில் என் கிளினிக்குக்கு வரும் இளம்பெண்கள் பலர் கைப்பையிலிருந்து முதலில் எடுப்பது ஒரு ஸ்கேன் அறிக்கையைத்தான். "டொக்டர், சூலகத்தில் கட்டிகள் இருக்கிறதாம், பொலிசிஸ்டிக் ஓவரி சின்ட்ரோம், அதாவது பிசிஓஎஸ் நோய் என்கிறார்கள்" என்பார்கள். அவை கட்டிகள் அல்ல. வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்ட முட்டைப் பைகள். நோயில்லாத பெண்களுக்கும் அவை நிறையத் தெரியலாம். வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகாத பிள்ளைகளுக்கு இதை வைத்து நோயைத் தீர்மானிக்கவே கூடாது. ஆனாலும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அழுதபடி வருகிறார்கள்.

இந்த நோயைக் கண்டறிய 2003இல் ரொட்டர்டாமில் வகுத்த அளவுகோல் இன்றும் அடிப்படை. மாதவிடாய் ஒழுங்கற்றிருப்பது, ஆண் ஹோர்மோன் மிகுந்திருப்பது, ஸ்கேனில் சூலகத் தோற்றம் என்ற மூன்றில் இரண்டு வேண்டும். முதல் இரண்டும் இருந்தால் ஸ்கேனே தேவையில்லை. தைரொயிட் கோளாறு, புரொலக்டின் ஹோர்மோன் மிகுதி போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதை இரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்ய வேண்டும்.

பலரின் கதையை ஒருவராக்கிச் சொல்கிறேன். குழந்தை வேண்டும் என்று வெள்ளவத்தையிலிருந்து வந்தவர், வயது 28, எடை 74 கிலோ. நாடியில் ஆண் ஹோர்மோனால் வளர்ந்த முடி, மாதவிடாய் அறுபது நாளைக்கு ஒருமுறை. வேறு காரணங்கள் இல்லையென்றால் நோய் உறுதியாக இதுவே போதும். முன்பு இரண்டு ஆண்டுகள் ஹோர்மோன் மாத்திரை எடுத்திருக்கிறார். அப்போது மாதந்தோறும் இரத்தப்போக்கு வந்தது. நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டது. "மாத்திரைதான் என்னைக் கெடுத்துவிட்டதா?" என்று கேட்டார்.

இல்லை. அந்த மாத்திரை முட்டை வெளிவருவதை நிறுத்திவைக்கிறது. மாதந்தோறும் வந்தது, மாத்திரையை இடைநிறுத்தும் நாட்களில் ஏற்படும் இரத்தப்போக்கு. அதனால் பயன் உண்டு: மாதக்கணக்கில் மாதவிடாய் வராவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், மாத்திரை அதைத் தடுக்கும், முகத்தில் வளரும் முடியையும் குறைக்கும். ஆனால் குழந்தை வேண்டும் என்பவருக்கு அது வழியல்ல.

இவருக்கு இன்சுலின் மிகுந்திருந்தது. மிகுந்த இன்சுலின் சூலகத்தை ஆண் ஹோர்மோன் சுரக்கத் தூண்டும். முட்டைப் பை வளராமல் நின்றுவிடும். அதனால் இரவுச் சோற்றைப் பாதியாக்கினார், தேநீரில் சீனியை விட்டார், காலையில் கடற்கரை வீதியில் 40 நிமிடம் நடந்தார். ஐந்து மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. இந்த அளவுகூடச் சிலருக்குச் சுழற்சியைத் திருப்பிவிடும். இவருக்கு 42 நாளானது.

இன்சுலினைக் குறைக்க உதவும் மெட்ஃபோர்மின் மாத்திரையும் சேர்த்தோம். இரவுச் சாப்பாட்டோடு 500 மில்லிகிராமில் தொடங்கி வாரம் வாரமாகக் கூட்டினோம். ஒரேயடியாகத் தொடங்குபவர்கள் வயிற்றுப்போக்கில் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் அது மட்டும் முட்டையை வெளிக்கொண்டுவரும் என்று காத்திருப்பதில் காலம் வீணாகும். அந்த வேலைக்கு முதல் மருந்து லெட்ரசோல்.

கணவரின் விந்துப் பரிசோதனை சரியாக இருந்தது. பிறகு மாதவிடாயின் மூன்றாம் நாள் முதல் ஐந்து நாள், 2.5 மில்லிகிராம் லெட்ரசோல் கொடுத்தோம். முதல் சுற்றில் பலனில்லை. அடுத்ததில் 5 மில்லிகிராம். ஸ்கேனில் ஒரு முட்டைப் பை வளர்வது தெரிந்தது. 22ஆம் நாள் இரத்தத்தில் புரொஜெஸ்டரோன் ஹோர்மோன் உயர்ந்திருந்தது. முட்டை வெளிவந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. நான்காம் சுற்றில் கருத்தரித்தார்.