தன் சேமிப்பில் தானே வாங்கும் கடன்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் தமிழ்க் குடும்பங்களோடு பணக்கணக்குப் பேச உட்கார்ந்தால், அரை மணி நேரத்துக்குள் பேச்சு அமெரிக்காவுக்குப் போய்விடும். பையனோ பெண்ணோ அங்கே வேலையில் இருப்பார்கள். இங்கே ஒயிட்ஃபீல்டிலோ சர்ஜாபூர் ரோட்டிலோ ஒரு ஃபிளாட் பார்த்திருப்பார்கள். முன்பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், "அவளோட 401கே கணக்குல லோன் எடுத்துக்கலாமாம். வட்டிகூட அவளுக்கே திரும்பி வந்துடுமாம். அப்ப அது ஓசிப் பணம்தானே சார்?" என்பார்கள்.

இல்லை. ஆனால் பலர் பயமுறுத்துகிற அளவுக்கு நஷ்டமும் இல்லை.

401கே என்பது அமெரிக்க நிறுவனங்கள் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம். சம்பளத்தில் ஒரு பகுதி வரி பிடிப்பதற்கு முன்பே அதில் போய், பெரும்பாலும் பங்குச்சந்தை நிதிகளில் முதலீடாகும். நிறுவனத்தின் திட்டம் அனுமதித்தால், உங்களுக்கு உரிமையாகிவிட்ட தொகையில் பாதி அல்லது 50,000 டாலர், இதில் எது குறைவோ அதுவரை கடன் எடுக்கலாம். ஐந்து ஆண்டுக்குள் தவணையாகக் கட்டி முடிக்க வேண்டும். தான் குடியிருக்கப்போகும் வீட்டை வாங்குவதற்கென்றால் கூடுதல் காலம் தர முடியும். டல்லாஸில் இருக்கும் பெண் பெங்களூரில் பெற்றோருக்காக வாங்கும் ஃபிளாட் அந்தக் கணக்கில் சேராது. ஐந்து ஆண்டுதான்.

பக்கத்தில் தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கணக்குப் போடுவோம். கடன் 20,000 டாலர், வட்டி 8 சதவீதம், ஐந்து ஆண்டு. மாதத் தவணை சுமார் 405 டாலர் 50 சென்ட். அறுபது மாதத்தில் கட்டுவது 24,330 டாலர். அதில் வட்டி 4,330. இந்த வட்டி முழுவதும் அவருடைய சொந்தக் கணக்குக்கே போகிறது. அது உண்மைதான்.

இங்கே இரண்டு தரப்பும் தப்புக் கணக்குப் போடுகின்றன. ஒரு தரப்பு, "4,330 டாலர் லாபம்" என்கிறது. அந்த வட்டி அவருடைய சம்பளத்திலிருந்துதான் போனது. வலது பையில் இருந்த காசை இடது பையில் போட்டுக்கொண்டால் வருமானம் ஆகாது.

இன்னொரு தரப்பு, "அந்த 20,000 சந்தையிலேயே இருந்து, மாதாமாதம் கூட்டிப் பார்க்கும் கணக்கில் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்திருந்தால் 32,900 ஆகியிருக்கும். வளர்ச்சி மட்டும் 12,900. வட்டியாக வந்ததோ 4,330. எட்டாயிரத்துக்கு மேல் நஷ்டம்" என்கிறது. கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் 20,000 டாலரும் ஐந்து ஆண்டு முழுக்க வெளியே இருக்கவில்லை என்பதை இந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. முதல் தவணை கட்டிய அன்றே அந்தப் பணம் மறுபடி சந்தைக்குள் போய் வளரத் தொடங்குகிறது. சராசரியாகப் பார்த்தால் வெளியே நிற்பது பத்தாயிரத்துச் சொச்சம்தான்.

அப்படியானால் சரியான கணக்கு எது? கட்டிய ஒவ்வொரு தவணையும் அதே 10 சதவீதத்தில் வளர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆண்டு முடிவில் அது 31,400 ஆகும். கடனே எடுக்காமல் இருந்திருந்தால் 32,900. ஆக, நிதியில் விழும் துண்டு 1,500 டாலர். சந்தை 8 சதவீதமே தந்திருந்தால் துண்டே விழாது. 4 சதவீதம்தான் தந்தது என்றால், கடன் எடுத்தவரின் நிதியில் 2,460 டாலர் கூடுதலாகவே இருக்கும்.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. பத்திரத்தில் 8 சதவீதம் என்று போட்டிருந்தாலும், இந்தக் கடனின் உண்மையான விலை அதுவல்ல. அந்த ஐந்து ஆண்டில் நிதி எவ்வளவு வளர்ந்திருக்குமோ அதுதான் விலை. எழுதிய வட்டியை 12 ஆக்கினாலும் விலை மாறாது, நிதிக்குள் கூடுதலாகப் பணம் போடுகிறார், அவ்வளவுதான். ஆகவே வங்கியின் தனிநபர் கடன் 13 சதவீதம் என்று சொன்னால், அதோடு ஒப்பிட வேண்டியது இந்த 8 அல்ல, நிதியின் வளர்ச்சி. அது 10 என்றால் 401கே கடன் மலிவு; 18 என்றால் வங்கியே மலிவு. என்ன சிக்கல் என்றால், அந்த எண் ஐந்து ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

வரியைப் பற்றியும் கேட்பார்கள். தவணையை வரி பிடித்த சம்பளத்திலிருந்து கட்டுகிறோம், ஓய்வில் எடுக்கும்போது மறுபடி வரி, அப்போது இரட்டை வரிதானே? அசலுக்கு அப்படி இல்லை, ஏனென்றால் கடனாக வாங்கியபோது அதற்கு வரி கட்டவில்லை. வட்டிப் பகுதிக்கு மட்டும் அது உண்மை. 22 சதவீத வரி என்று வைத்தால் நம் கணக்கில் ஏறக்குறைய 950 டாலர், அதுவும் பல ஆண்டு கழித்து.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய தொகைகள். நான் பார்த்தவரை பெரிய அடி வேறு இடத்தில் விழுகிறது. மாதம் 405 டாலர் தவணை போகிறதே என்று, வழக்கமாகப் போட்டுவந்த சந்தாவை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு லட்சம் டாலர் சம்பளக்காரர் நான்கு சதவீதம் போட்டால் நிறுவனமும் நான்கு சதவீதம் போடுகிறது என்று வையுங்கள். சந்தாவை நிறுத்தினால் ஆண்டுக்கு 4,000 டாலர் நிறுவனப் பங்கு போச்சு. ஐந்து ஆண்டில் 20,000. சற்று முன் 1,500க்காக அவ்வளவு நேரம் கணக்குப் போட்டோம், நினைவிருக்கிறதா? சம்பளச் சீட்டில் கடன் தவணை ஒரு வரிசையாகவும் சந்தா தனி வரிசையாகவும் வரும். இரண்டாவது வரிசை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நம்மூர் பிபிஎஃப் கடனை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் கட்டுகிற ஒரு சதவீத வட்டி உங்கள் கணக்கில் சேராது. எடுத்த தொகைக்கு வரவேண்டிய 7.1 சதவீதமும் வராது. ஆக மொத்தச் செலவு 8.1 சதவீதம், ஆனால் அது ஏறக்குறைய முதல் நாளே தெரிந்த செலவு.

கடைசியாக, வேலை போனால் என்ன ஆகும்? எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனபின் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அந்தப் பதற்றத்தில் இந்தக் கடன் மறந்துபோகும். நம் உதாரணத்தில் இரண்டு ஆண்டு கழித்து வேலை போனால், மீதி சுமார் 12,940 டாலர். சில திட்டங்கள் தொடர்ந்து கட்ட விடும். பல திட்டங்கள் மீதியை நீங்கள் எடுத்துக்கொண்டதாகக் கழித்துவிடும். அப்போது அது வருமானம். ஐம்பத்தொன்பதரை வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு அதன்மேல் பொதுவாக 10 சதவீதக் கூடுதல் வரியும் உண்டு. 22 சதவீத வரிப்படியில் இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்து 4,140 டாலர். தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த ஆண்டுக்கான வரிக்கணக்கைத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள், நீட்டிப்பு வாங்கினால் அந்தக் கெடுவுக்குள், அதே தொகையைக் கைப்பணத்திலிருந்து ஐஆர்ஏ எனப்படும் தனிநபர் ஓய்வுக் கணக்கில் போட்டுவிட்டால் வரி விழாது. 2025இல் கழித்திருந்தால் 2026 ஏப்ரல் 15, நீட்டிப்போடு அக்டோபர் 15.

மல்லேஸ்வரத்திலிருந்து என்னிடம் கேட்ட தம்பதியின் பெண் 20,000 எடுக்கவில்லை. வேலை போனாலும் சேமிப்புக் கணக்கிலிருந்து ஒரே தடவையில் கட்டிவிடக்கூடிய தொகை எவ்வளவு என்று பார்த்து, 9,000 மட்டும் எடுத்தாள். மீதியை பில்டரிடம் பேசி மூன்று தவணை ஆக்கிக்கொண்டார்கள். அவள் சந்தா நான்கு சதவீதம் அப்படியே போய்க்கொண்டிருக்கிறது.