முகப்போனும் காதுப்போனும்: ஆச்சியிடம் நேரம் சொல்லும் முறை

வணக்கம் மக்களே. தக்கலையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, மணி ஐந்தே முக்கால். ஏழு மணிக்கு இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் அக்கா எங்கள் ஆச்சியை வீடியோ காலில் கூப்பிடுவாள். ஆச்சி திங்கள்சந்தைப் பக்கம் தனியாக இருக்கிறார், வயது எண்பத்தொன்று. ஆறரைக்கு நான் ஆச்சிக்கு ஒரு போன் போட வேண்டும். அதுவரைக்கும் நேரம் இருக்கிறது.

போன வாரம் ஆச்சியிடம் பேசுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். உடனே நிறைய பேர் ஒரே விஷயத்தைக் கேட்டீர்கள். "நேரம் சொன்னால் சரி சரி என்கிறார்கள், அந்த நேரத்துக்குப் போனை எடுப்பதே இல்லை, என்ன செய்வது?" எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அக்கா சனிக்கிழமை கூப்பிட்டு, "ஆச்சி, நாளைக்கு ஈவினிங் ஃப்ரீயா இருப்பீங்களா, ஒரு ஏழு ஏழரைக்கு வீடியோ கால்ல வாறேன், சரியா?" என்று கேட்பாள். ஆச்சி "சரி மக்கா" என்பார். அதோடு முடிந்தது என்று அக்கா நினைத்துக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை நான் ஆச்சி பக்கத்திலேயே இருந்தேன். போனை வைத்ததும், "என்ன ஆச்சி, அக்கா என்ன சொன்னா?" என்று கேட்டேன். "என்னவோ சொன்னா பிள்ளே, நல்லா இருக்காளாம்" என்றார். காது கொஞ்சம் மந்தம். திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளைக்குச் சங்கடம் என்று நினைத்துச் சரி சொல்லியிருக்கிறார். ஆச்சியின் "சரி"க்கு "கேட்டது" என்று பொருள் கிடையாது. "நீ பேசினது சந்தோஷம்" என்றுதான் பொருள்.

அன்றிலிருந்து "சரியா?" என்ற கேள்வியை நாங்கள் விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக, பதிலில் கிழமையும் மணியும் வந்தே ஆக வேண்டிய ஒரு கேள்வி. "ஆச்சி, அக்கா என்னைக்கு கூப்பிடுவா?" பதில் வரும்வரை காத்திருக்கிறேன். "எத்தனை மணிக்கு?" மறுபடியும் காத்திருக்கிறேன். ஆச்சி வாயால் "ஞாயித்துக்கிழமை, ராத்திரி ஏழு மணி" என்று வந்தால்தான் நேரம் உறுதியானது. "அவ எப்பவும் கூப்பிடுத நேரந்தான்" என்று சொன்னால் இன்னும் உறுதியாகவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டும். முதலில் இது பரீட்சை வைப்பது போல இருக்குமோ என்று தயங்கினேன். அதனால், "நான் சரியா சொன்னேனான்னு பாக்கேன், நீங்க ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்கிறேன். தப்பு என் பக்கம் என்று வந்துவிடுகிறது, ஆச்சிக்கும் கூச்சம் இல்லை.

இனி வார்த்தைகள். நேரம் எப்போதும் முழு மணிதான். "ஏழு ஏழரை" என்று சொன்னால் ஆச்சி எந்த நேரத்துக்கு வந்து உட்காருவார்? அதிலும் ஏழரை என்ற சொல்லே ஆச்சிக்குப் பிடிக்காது, சனி என்பார். "நாளைக்கு" என்று மட்டும் சொல்லாமல் கிழமையையும் சேர்த்துச் சொல்கிறோம். "அடுத்த ஞாயிறு" வேண்டவே வேண்டாம், அது எந்த ஞாயிறு என்று எனக்கே சந்தேகம் வரும். ஈவினிங் என்பதும் இல்லை. ஆச்சிக்கு வைகிட்டு என்றால் நாலு மணி காப்பி நேரம். விளக்கு கொளுத்தினதுக்கு அப்புறம் எல்லாம் ராத்திரி. அக்கா சொன்ன "ஈவினிங் ஏழு" ஆச்சி கணக்கில் எங்கேயும் இல்லாத நேரம். "விளக்கு கொளுத்தினதுக்கு அப்புறம், ராத்திரி ஏழு மணி" என்றால் உடனே பிடிக்கிறது. கத்திச் சொல்லவும் வேண்டாம். கத்தினால் போனில் குரல் உடைகிறது, அவ்வளவுதான். மெதுவாக, குரலைத் தாழ்த்தி, ஒரு மூச்சுக்கு ஒரு விஷயம் சொன்னால் போதும்.

வீடியோ கால் என்ற பெயரையும் மாற்றினோம். அதை மாற்றியது ஆச்சிதான். ஒரு தடவை அக்கா முகம் திரையில் வந்ததும் ஆச்சி போனைக் காதில் வைத்துக்கொண்டார். வழக்கம் அதுதானே. அக்கா பத்து நிமிஷம் ஆச்சியின் காதையும் கம்மலையும் பார்த்தபடியே பேசினாள். நான் போய்ச் சொன்னதும், "ஓ, இது முகப்போனா? மற்றது காதுப்போன்" என்றார். அன்றைக்கே அந்த இரண்டு சொல்லையும் எடுத்துக்கொண்டோம். எந்தப் போன் என்று சொல்லும்போதே அதை எங்கே பிடிப்பது என்பதும் சொல்லியாகிவிடுகிறது.

இப்போது நான் சனிக்கிழமை சொல்வது முழுவதும் இவ்வளவுதான்: "ஆச்சி, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ராத்திரி ஏழு மணிக்கு அக்கா முகப்போன்ல வருவா. நீங்க கூப்பிடாண்டாம், அவளே கூப்பிடுவா. முகப்போன் வரல்லன்னா காதுப்போன் வரும்." நாலு வாக்கியம். அப்புறம் அந்த இரண்டு கேள்வி.

"நீங்க கூப்பிடாண்டாம்" என்பதை விட்டுவிடாதீர்கள். நாங்கள் ஆரம்பத்தில் விட்டோம். முகப்போன் அறுந்ததும் அக்கா ஆச்சியைக் கூப்பிட்டாள், ஆச்சி அக்காவைக் கூப்பிட்டார், நான் ஆச்சியைக் கூப்பிட்டேன். யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. கூப்பிடுவது எப்போதும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஆச்சியின் வேலை போனைப் பக்கத்தில் வைத்துக் காத்திருப்பது மட்டும்.

காதுப்போனுக்கும் ஒரு நேரம் வைத்திருக்கிறோம். ஏழு மணிக்கு அக்கா கூப்பிடுவாள். எடுக்கவில்லை என்றால் ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை. அதற்கும் எடுக்கவில்லை, அல்லது எடுத்துப் படம் உறைந்து நிற்கிறது என்றால் மூன்றாவது தடவை முகப்போன் கிடையாது. அக்கா எனக்கு ஒரு வரி அனுப்புவாள், ஏழே காலுக்குள் நான் சாதாரணப் போனில் ஆச்சியைக் கூப்பிடுவேன். அதற்கு இன்டர்நெட் வேண்டாம். ஏன் அக்கா கூப்பிடாமல் நான்? ஆச்சிக்கு நாங்களே பழக்கியிருக்கிறோம், தெரியாத நம்பர் வந்தால் எடுக்கக் கூடாது என்று. போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து மிரட்டிப் பணம் பறிக்கிற கூட்டம் இருக்கிற காலம் இது. அக்காவின் சாதாரணக் கால் ஆச்சி போனில் வெறும் நம்பராக வந்தது, ஆச்சி எடுக்கவில்லை. சொன்னபடி சரியாகத்தான் செய்தார். பார்த்தால், +44 சேர்க்காமல் அந்த நம்பரைப் பதிந்து வைத்திருந்தோம். இப்போது +44 சேர்த்து, அக்கா படமும் போட்டுப் பதிந்தாகிவிட்டது. ஆனாலும் முதல் காதுப்போன் என்னிடமிருந்தே போகட்டும் என்று வைத்துக்கொண்டோம். ஆச்சியிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறோம்: முந்தின நாள் நாங்கள் சொல்லாத முகப்போன் எது வந்தாலும் எடுக்கவே வேண்டாம்.

போன மாதம் ஒரு ஞாயிறு நல்ல மழை. ஏழு மணிக்கு முகப்போன் போனது, ஆச்சி எடுத்தார், அக்கா முகம் தெரிந்தது. இரண்டு நிமிஷத்தில் கரண்ட் போய் வைஃபை நின்றது. ஆச்சி திரையில் அக்கா வாயைத் திறந்தபடி அப்படியே நிற்கிறாள். அக்கா அறுத்துவிட்டு ஏழு ஐந்துக்கு மறுபடி கூப்பிட்டாள், ரிங்கே போகவில்லை. எனக்குச் செய்தி வந்தது. ஏழு பத்துக்கு நான் கூப்பிட்டேன், ஆச்சி உடனே எடுத்தார். ஆனால் குரல் எங்கோ தூரத்தில் கேட்கிறது. இருட்டில் போனை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அதிலிருந்து காதுப்போனில் என் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "ஆச்சி, இது காதுப்போன், காதில வைங்க." வைத்ததும் அக்காவையும் அதே காலில் சேர்த்துவிட்டேன். இருட்டுக்குள் உட்கார்ந்து அரை மணிக்கூர் பேசினார்கள்.

வெளிநாட்டில் ஆள் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மணியைக் கூட்டிக் கழிக்கிற வேலை ஆச்சியிடம் போகவே கூடாது. நம்ம ஊர் மணி மட்டும்தான் ஆச்சி காதில் விழ வேண்டும். கோடைக்காலத்தில் இங்கிலாந்துக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், அங்கே இரண்டரை என்றால் இங்கே ஏழு. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள், வித்தியாசம் ஐந்தரை ஆகிவிடும். 2025 அக்டோபர் 26 அன்று அக்கா பழக்கம்போல அங்கே இரண்டரைக்குக் கூப்பிட்டாள். இங்கே எட்டு. ஆச்சி ஏழிலிருந்து கையில் போனோடு இருந்து பார்த்துவிட்டு, ஏழே முக்காலுக்குக் கஞ்சி குடித்துப் படுத்துவிட்டார். மறுநாள் என்னிடம், "அவளுக்கு சோலியா இருக்கும்" என்றார். அதைக் கேட்டு எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இப்போது அங்கே கடிகாரம் பின்னால் போனதும் அக்கா ஒன்றரைக்குக் கூப்பிடுகிறாள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் மறுபடி இரண்டரை. ஆச்சி வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் எல்லா நாளும் ஏழுதான்.

சொன்னது மறந்துபோகும், அது இயல்பு. அதற்கு ஆச்சி வீட்டில் கிழிக்கிற காலண்டர் இருக்கிறது. காலையில் குளித்ததும் பழைய தாளைக் கிழிப்பார், ஒரு நாளும் தவறாது. வாரத்தின் நடுவில் நான் போகும்போது, வருகிற ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் தூக்கி, அதில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கடிகாரம் வரைந்துவிடுவேன். சின்ன முள் ஏழில், பெரிய முள் பன்னிரண்டில். கீழே "அக்கா, முகப்போன்" என்று மட்டும். ஞாயிறு காலை சனிக்கிழமைத் தாளைக் கிழித்ததும் அது கண்ணில் படும். சுவரில் வேறு காகிதம் ஒட்டிப் பார்த்தோம், இரண்டு நாளில் அது சுவரோடு சுவராகிவிட்டது, யாரும் பார்ப்பதில்லை.

கடைசியாக ஆறரை மணிப் போன். அதில் நான் முதலில் கேட்பது, "ஆச்சி, இப்ப மணிக்கூர்ல எத்தனை?" ஆச்சி கடிகாரத்தைப் பார்த்து ஆறரை என்று சொன்னால் கடிகாரம் ஓடுகிறது என்று தெரிகிறது. ஒரு தடவை அது நின்றுபோயிருந்தது, பேட்டரி தீர்ந்து. அப்புறம், "கண்ணாடி எங்க இருக்கு?" அப்புறம், போனை மூடி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன், வேறு எதையும் தொட வேண்டாம். ஆச்சி போனில் திரை மூடியிருந்தால்தான் அக்கா படம் முழுத் திரையில் வரும், பச்சைப் பொட்டை மேலே தள்ளினால் போதும். திரை திறந்திருந்தால் மேலே ஒரு சின்னப் பட்டையாக வந்து நிற்கும், அதில் ஆச்சி பல தடவை சிவப்பை அமுக்கியிருக்கிறார். இந்த ஆறரைப் போனை ஆச்சி எடுக்கவில்லை என்றால் ரிங் சத்தம் குறைந்திருக்கிறது அல்லது சார்ஜ் இல்லை என்று அரை மணிக்கூர் முன்னாலேயே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டு மாமிக்குச் சொன்னால் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிடுவார்.

சரி, மணி ஆறு இருபத்தைந்து ஆகிவிட்டது. நான் ஆச்சியைக் கூப்பிட வேண்டும், இத்தோடு நிறுத்துகிறேன். அடுத்த வீடியோவில் பார்ப்போம்.