அழறதுக்கு முன்னாடியே தெரியுமா? பசியா, தூக்கமா?

கேள்வி: "பொண்ணு பிறந்து 12 நாள் ஆகுது. தாய்ப்பால் மட்டும்தான். வீல்னு கத்த ஆரம்பிச்ச பிறகுதான் பசின்னே தெரியுது. அப்போ மார்புல வச்சா பிடிக்காம தலையைத் தலையை ஆட்டுறா. சில நேரம் கையை வாய்கிட்ட கொண்டு போறா, சரின்னு பால் கொடுத்தா நாலு உறிஞ்சு உறிஞ்சிட்டுத் தூங்கிடுறா. பசி எது, தூக்கம் எதுன்னு அழறதுக்கு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது? நகம் கீறும்னு கையில க்ளவுஸ் போட்டு, தூளியிலதான் போடுறோம்."

உங்க கேள்வியோட கடைசி வரியிலேயே பாதி பதில் இருக்கு. முதல்ல அந்த க்ளவுஸைக் கழட்டுங்க. பசி வந்தா குழந்தை வாயாலயும் கையாலயும்தான் சொல்லும். கையை மூடிட்டீங்கன்னா பாதிப் பேச்சை நிறுத்தின மாதிரி. நகம்தான் பயம்னா, நல்லா அசந்து தூங்குறப்போ குழந்தைங்களுக்குன்னு இருக்கிற சின்ன நகவெட்டியால வெட்டி விடுங்க, இல்ல மெல்லத் தேய்ச்சு விடுங்க. துணியில சுத்துற பழக்கம் இருந்தா கை ரெண்டும் முகத்துக்குப் பக்கத்துல வர்ற மாதிரி வெளிய விட்டுச் சுத்துங்க.

தூளியிலயும் அதே சிக்கல். துணி ரெண்டு பக்கமும் மூடிக்கிறதால முகம் தெரியாது. உள்ள அவ வாயைத் திறந்து தேடுறா, கையைச் சப்புறா, நமக்கு எதுவும் தெரியல. லேசா அசைஞ்சதும் யாராவது வந்து ஒரு ஆட்டு ஆட்டிடுவாங்க. கொஞ்ச நேரம் அடங்கிடுவா, பசி அடங்காது. அடுத்த தடவை எழும்போது நேரா கத்தல்தான். அதோட, தூளியில தாடை நெஞ்சோட ஒட்டி மடங்கினா இவ்ளோ சின்னக் குழந்தைக்கு மூச்சு சிரமமாகலாம். கெட்டியான, சமமான படுக்கையில மல்லாக்கப் படுக்க வைக்கிறதுதான் பாதுகாப்பு. முகமும் கண்ணுக்கு முன்னாடி இருக்கும்.

சரி, இப்ப என்ன பார்க்கணும்? ஒரு விஷயத்தை முதல்ல தெரிஞ்சுக்கணும். பச்சைக் குழந்தையோட தூக்கத்துல ஏறக்குறைய பாதி ஆழமில்லாத தூக்கம். அந்த நேரத்துல இமைக்குள்ள கண்ணு உருளும், முகம் சுளிக்கும், சிரிக்கும், முனகும், வாய் சப்புக் கொட்டும், கையும் காலும் துடிக்கும். கண்ணு பெரும்பாலும் மூடியே இருக்கும். இதைப் பார்த்து எழுந்துட்டான்னு தூக்கினீங்கன்னா நிஜமாவே எழுப்பி விட்டுடுவீங்க. தூக்கம் முடியாத குழந்தைதான் மார்புல வச்சதும் நாலு உறிஞ்சு உறிஞ்சிட்டுத் தூங்குறது. அதனால சத்தம் கேட்டதும் தூக்காம, பக்கத்துல நின்னு ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் பாருங்க. அசைவு தானா அடங்குச்சுன்னா அது தூக்கம். கண்ணு திறந்து அசைவு கூடிக்கிட்டே போச்சுன்னா எழுந்துட்டா.

பசி படிப்படியாத்தான் ஏறும். முதல் படி ரொம்ப அமைதியா இருக்கும். நெளிவா, வாயைத் திறந்து மூடுவா, நாக்கை வெளிய நீட்டுவா, உதட்டை நக்குவா, தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி எதையோ தேடுவா. சத்தமே இருக்காது. அடுத்த படியில கை வாய்க்கு வரும், முஷ்டியைச் சப்புவா, உடம்பை முறுக்குவா, மூச்சு கொஞ்சம் வேகமாகும், சின்னதா "ஊங்... ஊங்"னு முனகுவா. கத்தல், முகம் சிவக்கிறது, தலையை உதறுறது எல்லாம் கடைசிப் படி. முதல் படியிலிருந்து கடைசிப் படிக்கு ஒரு குழந்தை ரொம்பப் பொறுமையாப் போகும், இன்னொண்ணு அஞ்சே நிமிஷத்துல போயிடும். உங்க பொண்ணு எந்த வகைன்னு ரெண்டு நாள் உட்கார்ந்து கவனிச்சாலே தெரிஞ்சிடும்.

கத்துறப்போ ஏன் பிடிக்க மாட்டேங்குறான்னா, அழுறப்போ நாக்கு மேல தூக்கிக்கும். மார்பைக் கவ்வணும்னா நாக்கு கீழ, முன்னாடி வந்து காம்புக்கு அடியில விரியணும். நாக்கு மேல இருந்தா காம்பை வாய்க்குள்ள வச்சாலும் பிடிப்பு கிடைக்காது. வேணாம்னு தலையை ஆட்டல, பிடிக்க முடியலன்னுதான் ஆட்டுறா. அந்த நேரத்துல பின்னந்தலையைப் பிடிச்சு மார்புல அழுத்தாதீங்க, இன்னும் முரண்டு பிடிப்பா. நிமிர்த்தி உங்க வெறும் நெஞ்சோட நெஞ்சா சாய்ச்சுக்குங்க, முதுகைத் தடவுங்க. அழுகை இறங்கினதும் ரெண்டு சொட்டுப் பாலைப் பீய்ச்சி உதட்டுல படற மாதிரி வைங்க. நாக்கு வெளிய வந்து நக்கும் பாருங்க, அப்போ வாய் பெருசாத் திறக்கிறப்போ பிடிக்க வைங்க.

இன்னொரு பழக்கம், கன்னத்துல விரலை வச்சுப் பார்க்கிறது. விரல் பட்ட பக்கம் வாயைத் திருப்புனா பசின்னு வீட்ல சொல்லுவாங்க. அது பிறவியிலேயே உள்ள அனிச்சைச் செயல், வயிறு நிறைஞ்ச குழந்தையும் திரும்பலாம். பசியில வேகமாத் திரும்பும், அவ்ளோதான் வித்தியாசம். யாரும் தொடாம அவளாத் தேடுறாளா, அதைத்தான் நம்பணும்.

இப்ப தூக்கம். முதல் மாசத்துல ஒரு தடவை எழுந்தா பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துலிருந்து ஒரு மணி நேரம்தான் தாங்குவாங்க. பால் குடிக்கிற நேரமும் இதுக்குள்ளதான். பால் குடிக்கவே அரைமணி ஆச்சுன்னா, ஏப்பம் எடுத்து, துணி மாத்தி, சித்தப்பா கொஞ்ச நேரம் கொஞ்சினா கணக்கு முடிஞ்சுபோச்சு. முதல்ல பார்வை மாறும். உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தவ முகத்தைத் திருப்பிக்குவா, இல்ல சுவரை வெறிச்சுப் பார்ப்பா. புருவமும் இமையும் லேசா சிவக்கும். அசைவு குறைஞ்சு சோர்ந்து கிடப்பா. கொட்டாவி இதுக்கப்புறம்தான் வரும், அது வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இதைத் தவற விட்டா கையும் காலும் வெடுக் வெடுக்குன்னு உதறும், முதுகை வளைப்பா, சிணுங்குவா. கண்ணைக் கசக்குறதை எதிர்பார்க்காதீங்க, இந்த வயசுல கை அவ்ளோ கட்டுப்பாட்டுல இருக்காது, அதுக்கு இன்னும் மாசங்கள் ஆகும்.

உங்களைக் குழப்புறது கை வாய்க்குப் போறதுதான். அது பசியிலயும் வரும், தூக்கத்துக்கு முன்னாடி தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கவும் வரும். அந்த ஒண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ணாம மீதி உடம்பைப் பாருங்க. பசியில எல்லாமே உள்பக்கம் கூடும்: கை மடங்கி நெஞ்சுக்கு நடுவுல வரும், முஷ்டி இறுகி இருக்கும், முகம் உங்க பக்கம் திரும்பும். தூக்கத்துல வெளிய விலகும்: முகம் திரும்பிக்கும், கை பக்கவாட்டுல வீசும், பார்வை எதிலயும் நிக்காது. நூத்துக்கு நூறு சரியா வராது, ஆனா கூடவே கடிகாரத்தையும் சேர்த்துப் பார்த்தா ரொம்ப உதவும்.

ஒரு மதியத்தை எடுத்துக்குவோம். 2 மணிக்கு எழுந்தா, 2.05க்குப் பால், 2.35க்கு மார்பை அவளே விட்டுட்டா. அப்போ கையைப் பாருங்க, முஷ்டி விரிஞ்சு கை தொய்ஞ்சு கிடந்தா வயிறு நிறைஞ்சிருக்கு. 2.50க்கு ஜன்னலையே வெறிக்கிறா, புருவம் சிவப்பு. 2.55க்குக் கை வாய்க்குப் போகுது. பால் விட்டு 20 நிமிஷம்தான் ஆச்சு, எழுந்து ஒரு மணி நேரம் ஆகப் போகுது, முகம் திருப்புறா. இது தூக்கம். லைட்டை அணைச்சு, பேச்சைக் குறைச்சு, தோள்ல போட்டு, கண்ணு சொருகினதும் படுக்க வைங்க. அதே கை 4.15க்குத் தூக்கத்திலிருந்து எழுந்த உடனே வாய்க்குப் போனா, கண்ணு தெளிவா இருந்து நாக்கை நீட்டினா அது பசி. துணி மாத்துறதைக்கூடப் பிறகு வச்சுக்கலாம், முதல்ல பால்.

என்ன பார்த்தும் புரியலையா, மார்பைக் கொடுங்க. தாய்ப்பால்ல வேண்டாம்னா சப்பாம விட்டுடுவா, இல்ல அப்படியே தூங்கிடுவா, நஷ்டம் ஒண்ணுமில்ல. பாட்டில்ல கொடுக்கிறவங்கதான் கொஞ்சம் கவனமா இருக்கணும். பாட்டில்ல பால் தானா வந்துக்கிட்டே இருக்கும், தூக்கத்துக்குச் சிணுங்குற குழந்தையும் விழுங்கிட்டுக் கக்கும். நடுநடுவுல பாட்டிலை இறக்கி, அவளாத் திரும்பத் தேடுறாளான்னு பார்த்துக் கொடுங்க.

ஒரு முக்கியமான விலக்கு. அடையாளம் காட்டட்டும்னு எல்லாக் குழந்தைக்கும் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது. மஞ்சள் காமாலை இருக்கிற குழந்தை, குறை மாசத்துல பிறந்தது, எடை ஏறாதது, இவங்க பசியிலயும் தூங்குவாங்க. அமைதியான பிள்ளைன்னு நாம சந்தோஷப்படுவோம், உள்ள பால் போகாம சோர்ந்திருக்கும். உங்க பொண்ணு பிறந்தப்போ இருந்த எடையைத் திரும்பப் பிடிச்சாச்சான்னு இந்த வாரம் எடை போட்டுப் பாருங்க, 10 முதல் 14 நாளுக்குள்ள பெரும்பாலும் வந்துடும். வரலன்னா 3 மணி நேரத்துக்கு மேல தூங்க விடாம, துணியை விலக்கி, உள்ளங்காலைத் தேய்ச்சு எழுப்பிக் கொடுங்க, டாக்டர்கிட்டயும் காட்டுங்க. 24 மணி நேரத்துல 8லிருந்து 12 தடவை பால், குறைஞ்சது 6 தடவை நல்லா நனைஞ்ச துணி, இது இருக்கணும். எழுப்பியும் பால் குடிக்க எழாம இருந்தாலோ, உடம்பு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலோ, மஞ்சள் கால் வரைக்கும் இறங்கினாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி.

சாயங்காலம் 6 மணியிலிருந்து 10 மணி வரைக்கும் மணிக்கொரு தடவை கேட்பா, சில நாள் அரைமணிக்கே கேட்பா. வீட்ல உடனே "பால் பத்தல, பால் பவுடர் கரைச்சுக் கொடு"ன்னு ஆரம்பிப்பாங்க. துணி நனையுது, எடை ஏறுதுன்னா அந்த நேரத்துக் கேட்பு இந்த வயசுல சகஜம். அப்போ 20 நிமிஷத்துக் கணக்கெல்லாம் பார்க்காதீங்க, தேடினா கொடுங்க. அதுல கொஞ்ச அழுகைக்கு என்ன பண்ணினாலும் காரணம் கிடைக்காது, ஆறாவது வாரம் வரைக்கும் அது கூடி அப்புறம்தான் குறையும்.