கீமோ நடக்கும்போது சத்து மாத்திரை: டாக்டர் ஏன் நிறுத்தச் சொல்றார்

வணக்கம். உதகை வானொலி கேட்டுட்டு இருக்கிற எல்லாருக்கும். நான் ஒரு மருந்தாளுநர், கோயமுத்தூர்ல கேன்சர் வார்டுக்கு கீமோ மருந்து கலந்து குடுக்கிற வேலை பார்த்துட்டு இப்ப குன்னூர்ல இருக்கேன். இன்னைக்கு பேச வந்தது ஒரே ஒரு விஷயம், கீமோ போகும்போது வீட்ல நாமளா வாங்கி சாப்பிடுற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைங்க. விட்டமின் சி, விட்டமின் ஈ, கோக்யூ டென், பீட்டா கரோட்டின், கிரீன் டீ சாறு அடைச்ச கேப்ஸ்யூல், இந்த வகையெல்லாம்.

ஒருத்தங்க கதையா சொன்னா புரியும். கோத்தகிரி பக்கத்துல ரெண்டு ஏக்கர் தேயிலை வச்சிருக்கிற ஒரு அம்மானு வச்சுக்கோங்க, இந்த மாதிரி வர்ற பலபேரை சேர்த்துத்தான் சொல்றேன், பேரெல்லாம் வேண்டாம். மார்புல கட்டி, ஆபரேஷன் முடிஞ்சாச்சு, அடுத்து கீமோ. மூணு வாரத்துக்கு ஒரு தடவைன்னு நாலு தடவை சிவப்பு ஊசி, அதான் டாக்ஸோரூபிசின், கூடவே சைக்ளோபாஸ்பமைடு. அது முடிஞ்சதும் வாரா வாரம் பாக்லிடாக்ஸல், பன்னெண்டு வாரம். பெங்களூர்ல இருக்கிற பையன் பாசத்துல ஒரு பெட்டி நிறைய சத்து மாத்திரை அனுப்பி வச்சிருக்கான், விட்டமின் சி 1000 மில்லிகிராம், விட்டமின் ஈ 400, கோக்யூ டென், கிரீன் டீ கேப்ஸ்யூல். ஊசி போடுறதுக்கு முன்னாடி நர்ஸ் கேக்குறாங்க, வேற மருந்து ஏதாச்சும் எடுக்குறீங்களான்னு. அந்தம்மா இல்லைன்னுட்டாங்க. பொய் சொல்லல, பிரஷர் சுகர் மாத்திரை மாதிரி ஒரு மருந்தா அதை அவங்க நினைக்கவே இல்ல.

சரி, இதுல என்ன பிரச்சனை? சிவப்பு ஊசி கேன்சர் செல்லை கொல்றதுக்கு ஒண்ணுக்கு மேல வழி வச்சிருக்கு. முக்கியமானது, செல்லு ரெண்டா பிரியறப்போ அதோட டிஎன்ஏவை அறுத்து விடுறது. இன்னொண்ணு, ஃப்ரீ ரேடிக்கல்னு சொல்ற, பக்கத்துல இருக்கிறதையெல்லாம் அரிச்சு கெடுக்கிற மூலக்கூறுங்களை உண்டாக்குறது. கதிர்வீச்சு சிகிச்சையும் பெரும்பாலும் இந்த ரெண்டாவது வழியிலதான் வேலை செய்யுது. ஆன்டிஆக்ஸிடன்ட்டோட வேலையே அந்த ஃப்ரீ ரேடிக்கலை அடக்குறது. அப்போ ஒரு கையில அடிக்கிற மருந்தை ஏத்திட்டு இன்னொரு கையில அடியைத் தடுக்கிற மாத்திரையை முழுங்குறோம்.

இதுக்கு மறுவாதமும் இருக்கு, அதையும் சொல்லிடணும். நல்ல செல்லையும்தானே கீமோ கெடுக்குது, அதுக்குத்தானே இந்த மாத்திரை பாதுகாப்புன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா மாத்திரைக்கு எது நல்ல செல்லு எது கெட்ட செல்லுன்னு ஆள் பார்க்கத் தெரியாது. இன்னும் ஒண்ணு, கேன்சர் செல்லுங்க ஏற்கனவே தங்களுக்குள்ள ஃப்ரீ ரேடிக்கல் தொல்லையிலதான் வாழுதுங்க, வெளியிலிருந்து வர்ற உதவி அதுங்களுக்கும் உதவிதான். ஸ்வீடன்ல கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்துக்காரங்க 2014-ல நுரையீரல் கேன்சர் ஆரம்பிச்ச எலிங்களுக்கு விட்டமின் ஈ-யும் என்ஏசி-ங்கிற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்ட் மருந்தும் குடுத்துப் பார்த்தாங்க, கட்டி வேகமா வளர்ந்துச்சு, எலிங்க சீக்கிரம் செத்துச்சு. எலிதான், மனுஷன் இல்ல, ஒத்துக்கிறேன்.

மனுஷங்கள்ல பார்த்ததும் இருக்கு. அமெரிக்காவுல ஸ்வாக்னு ஒரு கேன்சர் ஆராய்ச்சிக் குழு, நம்ம கோத்தகிரி அம்மாவுக்குப் போட்ட அதே மூணு மருந்தை எடுத்த 1,134 மார்பகப் புற்று நோயாளிகள்கிட்ட, கீமோவுக்கு முன்னாடியும் கீமோ நடக்கும்போதும் என்னென்ன சத்து மாத்திரை சாப்பிட்டீங்கன்னு கேட்டு எழுதி வச்சு, அப்புறம் யாருக்கு நோய் திரும்ப வந்துச்சுன்னு பல வருஷம் பார்த்தாங்க. முன்னாடியும் நடுவுலயும் ரெண்டு சமயமும் ஆன்டிஆக்ஸிடன்ட் எடுத்தவங்களுக்கு நோய் திரும்புற வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடத் தெரிஞ்சுது. ஆனா அந்த மாத்திரை எடுத்தவங்க எண்ணிக்கை கம்மி, அதனால இந்த 40 தற்செயலா வந்திருக்கலாம்ங்கிறதையும் முழுசா தள்ள முடியல. மாத்திரை குடுத்து சோதிச்ச ஆராய்ச்சியும் இல்ல, தானா சாப்பிட்டவங்களை கவனிச்சது மட்டும்தான். ஆச்சரியம் என்னன்னா அதுல விட்டமின் பி12-ம் இரும்பு மாத்திரையும் இதைவிட தெளிவா கெட்ட பக்கம் நின்னுச்சு. சாதாரண மல்டிவிட்டமின் எடுத்தவங்களுக்கு அப்படி வித்தியாசம் தெரியல.

இதை வச்சுக்கிட்டு டாக்டர் என்ன கணக்கு போடுவார்னா, இந்த மாத்திரையால கேன்சருக்கு நன்மைன்னு நிரூபணம் இல்ல, கெடுதல் இருக்கலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு, கீமோவோ அஞ்சாறு மாசம்தான், அந்த அஞ்சாறு மாசம் இது இல்லாம இருந்தா நஷ்டம் ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான் கணக்கு. என்னைக் கேட்டா இந்தக் கணக்கு சரிதான்னு சொல்வேன்.

உடனே ஒரு கேள்வி வரும், அப்போ நெல்லிக்காய், ஊட்டி கேரட், ஆரஞ்சு எல்லாம் கூடாதான்னு. அதெல்லாம் சாப்பாடு, தாராளமா சாப்பிடலாம், ஒரு ஆரஞ்சுல விட்டமின் சி சுமார் 60, 70 மில்லிகிராம் இருக்கும், மாத்திரையில 1000. விட்டமின் ஈ ஒரு நாளைக்கு பெரியவங்களுக்குத் தேவை 15 மில்லிகிராம், கடையில கிடைக்கிற அந்த பச்சைக் கேப்ஸ்யூல் ஒண்ணு 400. வித்தியாசம் அங்கதான் இருக்கு.

கீமோ அன்னைக்கு மட்டும் நிறுத்திக்கிறேன்னு சிலபேர் சொல்வாங்க. விட்டமின் சி தண்ணியில கரையுறது, மிச்சம் ஒண்ணு ரெண்டு நாள்ல மூத்திரத்துல போயிடும். விட்டமின் ஈ கொழுப்புல தங்குறது, காலையில ஒரு வேளை விட்டா உடம்பை விட்டுப் போகாது. அதோட அதிக அளவு விட்டமின் ஈ ரத்தம் உறையறதையும் குறைக்கும், கீமோவுல ஏற்கனவே பிளேட்லெட் இறங்கியிருக்கும், பல் விளக்குறப்போ ரத்தம் வர்றது, தோல்ல காரணமில்லாம நீலம் பாய்றதுன்னு ஏதாவது பார்த்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணணும்.

நம்ம மலைக்காரங்களுக்குன்னு தனியா ஒண்ணு சொல்லணும், டீ. மல்டிபிள் மைலோமான்னு எலும்பு மஜ்ஜை கேன்சருக்கு போர்டெசோமிப்னு ஒரு ஊசி இருக்கு. கிரீன் டீயில இருக்கிற ஈஜிசிஜிங்கிற பொருள் இந்த மருந்தை நேரா போய் கட்டிப் பிடிச்சு வேலை செய்ய விடாம பண்ணிடுதுன்னு 2009-ல ஆய்வகத்துலயும் எலியிலயும் காட்டினாங்க, இது ஃப்ரீ ரேடிக்கல் கதையே இல்ல, ரெண்டு வேதிப்பொருள் ஒட்டிக்கிற கதை. அந்த ஊசி போடுறவங்க கிரீன் டீ கேப்ஸ்யூல் பக்கமே போகக் கூடாது, குடிக்கிற கிரீன் டீயையும் டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

இப்ப அந்தம்மா கதைக்கு வருவோம். மருமகள் கெட்டிக்காரி, அடுத்த ஊசிக்கு நாலு நாள் முன்னாடி நடக்கிற ரத்தப் பரிசோதனைக்குப் போறப்பவே எல்லா டப்பாவையும் ஒரு மஞ்சப் பையில போட்டு எடுத்துட்டுப் போயிட்டா. நாள் பார்த்தீங்களா? ஊசி அன்னைக்கு டாக்டருக்கு மூச்சு விட நேரம் இருக்காது, ரத்தம் குடுக்க வர்ற நாள்ல அஞ்சு நிமிஷம் கிடைக்கும். அவ கேட்டது இவ்வளவுதான்: "டாக்டர், அத்தை இதெல்லாம் ஒரு மாசமா காலையில சாப்பிடுறாங்க. இவங்களுக்குப் போடுற மருந்தோட இது ஒத்துப்போகுமா? எதை நிறுத்தணும், எதை விடக்கூடாது, திரும்ப எப்ப ஆரம்பிக்கலாம்?"

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா இது நல்லதா கெட்டதான்னு பொதுவா கேக்கல. பொதுவா கேட்டா டாக்டர் "அதெல்லாம் வேண்டாம்மா"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடுவார், வீட்டுக்கு வந்து பையன் போன்ல "டாக்டருக்கு இதெல்லாம் தெரியாதும்மா, நீ சாப்பிடு"ன்னுவான். இங்க டாக்டர் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் பார்த்தாகணும். பார்த்தார். சி, ஈ, கோக்யூ டென், கிரீன் டீ நாலும் கீமோ முடியுற வரைக்கும் வேண்டாம்னார். எலும்புக்கு ஏற்கனவே எழுதிக் குடுத்த கால்சியம், டி3 தொடரலாம்னார். பையில கடையில தானா வாங்கின இரும்பு மாத்திரையும் இருந்துச்சு, அதை உடனே வேணும்னும் சொல்லல வேண்டாம்னும் சொல்லல, ஃபெரிட்டின் டெஸ்ட் எழுதிக் குடுத்து, இரும்பு நிஜமாவே குறைவா இருந்தா நானே எழுதித் தர்றேன்னுட்டார்.

மருமகள் இன்னொண்ணும் கேட்டா, கோக்யூ டென் இதயத்துக்கு நல்லதுன்னு வாங்கினது, சிவப்பு ஊசி இதயத்தைப் பாதிக்கும்னாங்களேன்னு. பாதிக்கும், உண்மைதான். அதுக்குத்தான் ஊசிக்கு முன்னாடி எக்கோ எடுக்கிறாங்க, வாழ்நாள்ல மொத்தம் இவ்வளவுதான்னு ஒரு அளவைத் தாண்ட விடுறதில்ல. மூச்சு வாங்குறது, கால் வீங்குறதுன்னா உடனே சொல்லச் சொல்லி அனுப்பிச்சார்.

இதுக்கு நேர்மாறானதும் இருக்குங்க, இதைக் கேட்டுட்டு எல்லா டப்பாவையும் குப்பையில போட்டுடாதீங்க. நுரையீரல் கேன்சருக்கு பெமெட்ரெக்ஸெட்னு ஒரு மருந்து, அதுக்கு ஃபோலிக் ஆசிட் தினமும் சாப்பிட்டே ஆகணும், பி12 ஊசியும் போட்டே ஆகணும், நிறுத்தினா ரத்த அணுக்கள் பயங்கரமா இறங்கும். அதே ஃபோலிக் ஆசிட் கேப்சிடாபைன்ங்கிற கீமோ மாத்திரையோட சேர்ந்தா பக்கவிளைவு கூடிடும். அதனால டாக்டர் எழுதினதை நீங்களா நிறுத்தாதீங்க.

நாலாவது மாசம் பாக்லிடாக்ஸல் ஓடுறப்போ அந்தம்மாவுக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப் போக ஆரம்பிச்சுது, கொழுந்து கிள்ள முடியல, செருப்பு கழண்டதே தெரியல. பக்கத்து வீட்டுக்காரங்க நரம்பு மாத்திரைன்னு ஒரு அட்டை குடுத்திருக்காங்க, ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட், அசிட்டைல் எல் கார்னிடைன், பி12 எல்லாம் சேர்ந்தது. இதுல கார்னிடைனை மட்டும் 409 பெண்களை வச்சு ஒழுங்கா சோதிச்சாங்க, 2013-ல முடிவு வந்துச்சு, இதே வகை கீமோ எடுத்தவங்கதான். மரத்துப் போறதை தடுக்கும்னு குடுத்தது, ஆறு மாசத்துல அதை இன்னும் மோசமாக்கியிருந்துச்சு. மருமகள் அட்டையை போட்டோ எடுத்து வார்டு நர்ஸுக்கு அனுப்பிட்டு, மாமியாருக்கு சட்டை பட்டன் போட முடியலங்கிறதையும் சேர்த்து எழுதினா. அந்த பட்டன் விஷயம்தான் டாக்டருக்கு உதவுச்சு, அடுத்த வார ஊசியோட அளவைக் குறைச்சு எழுதினார். வலி இருந்திருந்தா டுலோக்ஸெட்டின் குடுத்திருப்பார், அந்தம்மாவுக்கு மரத்துப் போறது மட்டும்தான் இருந்துச்சு.

கீமோ முடிஞ்சு கதிர்வீச்சு இருக்குன்னா, பையில இருந்த அந்த நாலு டப்பாவும் அது முடியுற வரைக்கும் அலமாரியிலயே இருக்கணும். அதுக்கப்புறம் ஹார்மோன் மாத்திரை எழுதும்போது இதே பையை இன்னொரு தடவை தூக்கிட்டுப் போகணும். நன்றி, வணக்கம்.