நெஞ்சில் போட்டால்தான் தூங்கும் குழந்தை

வணக்கம். மூணாறு பக்கத்து எஸ்டேட் லயங்களில் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போனால் அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "சிஸ்டர், மேல போட்டா தூங்குறான், கீழ விட்டா முழிச்சுக்கிறான்."

முதல் மூன்று நான்கு மாதம் பல குழந்தைகள் இப்படித்தான். கை பழக்கிக் கெடுத்துவிட்டாய் என்று தாயைக் குறை சொல்லாதீர்கள். என் கவலையெல்லாம், தூக்கி வைத்திருப்பவர் கண் அயரும் நேரத்தைப் பற்றியது.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மாதக் குழந்தை, ராத்திரி இரண்டு மணி. பக்கத்தில் படுத்தால் பிள்ளை மேல் புரண்டுவிடுவோமோ என்று பயந்து, அம்மா சோபாவில் சாய்ந்தபடி பால் கொடுக்கிறாள். ஆனால் பாயை விட சோபாவில்தான் ஆபத்து அதிகம். அவள் அயர்ந்ததும் கை தளரும். குழந்தை மெல்ல வழுக்கி, அவள் உடம்புக்கும் சாய்மானத்துக்கும் நடுவே செருகிக்கொள்ளும். மூக்கு மெத்தையில் அழுந்தும், இல்லையென்றால் தாடை நெஞ்சோடு மடங்கி மூச்சு அடைபடும். தலையைத் திருப்பிக்கொள்ள அந்த வயதில் கழுத்தில் வலு கிடையாது. சத்தமும் வராது.

அதனால் தூக்கத்தை முறை வைத்துப் பங்கு போடுங்கள். பத்திலிருந்து இரண்டு வரை அப்பாவோ பாட்டியோ விழித்திருந்து தூக்கி வைத்திருக்கட்டும், அம்மா தூங்கட்டும். அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். கீழே விடும்போது அவசரம் வேண்டாம். குழந்தையின் கையைத் தூக்கிவிட்டால் அது துவண்டு விழும் அளவுக்குத் தூங்கியபின், முதலில் பிட்டம், பிறகு தலை என்று மல்லாக்க இறக்கி, நெஞ்சில் உங்கள் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். விழித்தால் மறுபடி முயலுங்கள்.

அதே அறையில், குழந்தைக்குத் தனியாகக் கெட்டியான, சமமான விரிப்பு இருப்பதுதான் நல்லது. பால் கொடுக்கும்போது தூக்கம் வந்துவிடும் போலிருந்தால், சோபாவை விடத் தரைப் படுக்கை மேல். தலையணையையும் கம்பளியையும் தள்ளி வையுங்கள். சுவரோரம் வேண்டாம், இருவருக்கும் நடுவிலும் வேண்டாம். விழிப்பு வந்தவுடன் குழந்தையை அதன் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் யாராவது குடித்திருந்தாலோ, பீடி சிகரெட் பிடிப்பவராக இருந்தாலோ, தூக்கம் வரும் மாத்திரை போட்டிருந்தாலோ, குழந்தை குறைமாதத்தில் அல்லது இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்திருந்தாலோ, ஒரே படுக்கை கூடவே கூடாது.

நம் ஊர்க் குளிருக்குப் பிள்ளையைக் கம்பளியில் மூடத்தான் மனசு சொல்லும். மூடாதீர்கள், அது முகத்தில் ஏறிவிடும். நாம் போடுவதை விட ஒரு அடுக்கு கூடுதலாக உடுத்தினால் போதும். தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள். கை சில்லென்றிருப்பதைப் பார்க்காதீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வேர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள்.

படுக்க வைத்தாலே வீறிட்டு அழுவதோடு வாந்தி, பால் குடிக்கும்போது வேர்வை, வேக மூச்சு, எடை ஏறாமை என்று ஏதாவது இருந்தால், டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.