தோன்றா எழுவாயும் வினை விகுதியும்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே,

"நேற்று மாலை வந்தேன்" என்று ஒருவர் சொன்னால், வந்தவர் யார் என்று நாம் திரும்பக் கேட்பதில்லை. 'நான்' என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை. ஆயினும் 'ஏன்' என்ற விகுதி அதைச் சொல்லிவிடுகிறது. 'வந்தாள்' என்னும்போது படர்க்கை, ஒருமை, பெண்பால் ஆகிய மூன்றும் 'ஆள்' என்ற ஈற்றுக்குள் அடங்கிவிடுகின்றன. இப்படி மறைந்து நிற்பதை நம் இலக்கணம் தோன்றா எழுவாய் என்கிறது. வினை எவற்றையெல்லாம் உணர்த்தும் என்று எண்ணிச் சொல்லும் நன்னூல் சூத்திரமும் 'செய்பவன்' என்றே தொடங்குகிறது. இத்தாலியரும் 'பார்லோ' என்று ஒரே சொல்லில் 'பேசுகிறேன்' என்பார்கள். 'பார்லி' என்றால் 'பேசுகிறாய்'. ஆங்கிலத்திலோ நான், நீ, நாம், அவர்கள் என்ற எல்லாருக்கும் 'ஸ்பீக்' ஒன்றுதான். அதனால் அங்கே எழுவாயை எளிதில் விட முடிவதில்லை. விகுதி வளமாக உள்ள மொழியில் எழுவாய் மறையலாம் என்று மொழியியலாளர் பலர் கருதியது இதனால்தான்.

விளக்கம் அழகானது, ஆனால் முழுமையானது அன்று. அதற்குச் சான்று தேட நாம் தமிழைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. கொழும்பில் வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றில், மகன் தாயுடன் தொலைபேசியில் பேசுகிறான் என்று வைத்துக்கொள்வோம்.

"தங்கச்சி வந்திட்டாளோ?"

"இன்னும் வரேல்லை."

"கோல் எடுத்தனீங்களோ?"

"எடுத்தனான். எடுக்கேல்லை."

நான்கு கூற்றுகளிலும் 'தங்கச்சி' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எழுவாய் இல்லை. 'எடுத்தனான்' என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் கேட்டால் ஆண்பால் என்று மயங்கக்கூடும். ஈழத்தமிழ்க் காதுக்கோ அது ஐயமின்றித் தன்மை, சொல்லின் கடைசியில் 'நான்' என்பதே ஒலிக்கிறது. சிக்கல் அடுத்த சொல்லில்தான் இருக்கிறது. 'எடுக்கேல்லை', அதாவது 'எடுக்கவில்லை' என்பதில் எந்த விகுதியும் இல்லை. நான் எடுக்கவில்லை, நீ எடுக்கவில்லை, அவள் எடுக்கவில்லை என எல்லா இடத்துக்கும் அதே வடிவம் நிற்கிறது. ஆனாலும் எடுக்காதவள் தங்கைதான் என்று மகன் உடனே புரிந்துகொள்கிறான். தாய் 'எடுத்தனான்' என்று சொல்லிவிட்டபடியால், அவளே எடுக்கவில்லை என்று கொண்டால் இரண்டும் முரண்படும்; அழைப்பு என்பதில் எடுப்பவர் ஒருவர், மறுமுனையில் எடுக்க வேண்டியவர் இன்னொருவர்; பேச்சில் இதுவரை உலவும் மூன்றாம் ஆள் தங்கை ஒருத்திதான்.

இனி இரைச்சலில் 'எடுத்தனான்' என்பது மட்டும் கேட்காமல் போனது என்று கொள்வோம். அப்போது 'எடுக்கேல்லை' என்பது மகனின் கேள்விக்கு நேர்விடையாகி, தாய் அழைக்கவே இல்லை என்று பொருள்படும். சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆள் மாறிவிட்டாள். "ஏன் எடுக்கேல்லை?" என்று மகன் கேட்பதிலிருந்து பிழை வெளிப்படும். உடனே தாய் "நான் எடுத்தனான், அவள்தான் எடுக்கேல்லை" என்பாள். மறைந்திருந்த பெயர்கள், தேவை வந்தவுடன் தாமாக வெளியே வருகின்றன.

பழந்தமிழில் இந்த இடைவெளி இருக்கவில்லை. 'வந்திலேன்', 'வந்திலன்' என்று எதிர்மறையும் விகுதி ஏற்றது. இன்று 'வரமாட்டேன்', 'வரமாட்டாள்' போன்றவற்றில் அது எஞ்சியிருக்க, 'இல்லை' எல்லா இடத்துக்கும் பொதுவாகிவிட்டது. எனினும் 'வரவில்லை' என்பதற்கு முன் எழுவாயைக் கட்டாயமாக வைக்கும் வழக்கம் நம்மிடம் தோன்றவில்லை.

இதையே பெரிய அளவில் காண, இந்நகரத்தின் பேருந்தில் ஏறினால் போதும். பேச்சுச் சிங்களத்தில் 'யனவா' என்பது போகிறேன், போகிறாய், போகிறார்கள் எல்லாவற்றுக்கும் பொது. எழுத்துச் சிங்களத்தில் 'யமி', 'யமு' என இடத்துக்கேற்ப வடிவங்கள் உண்டு. பேச்சில் அவை இல்லை. அப்படியிருந்தும், "யனவாத?" என்று கேட்டால் கேட்கப்பட்டவரைப் பற்றியது என்றும், "யனவா" என்று விடை வந்தால் சொல்பவரைப் பற்றியது என்றும் எல்லாரும் அறிவர். வினா எதிரிலிருப்பவரையும் விடை தன்னையும் சுட்டுவது அங்கே முதல் ஊகம். முன்னே மூன்றாமவர் பற்றிய பேச்சு ஓடினால் அந்த ஊகம் விலகும். வினையில் இட விகுதிகளை இழந்த மலையாளத்திலும் எழுவாய் தாராளமாகவே மறைகிறது. ஆகவே விகுதி இல்லாத இடத்தில் பேச்சின் ஓட்டமே ஆளைக் காட்டுகிறது. விகுதி இருந்தால் தேட வேண்டிய வட்டம் சுருங்குகிறது, அவ்வளவுதான்.

விகுதி இருந்தும் வட்டம் போதிய அளவு சுருங்காத இடம் ஒன்று தமிழில் உண்டு. 'நாம்' என்பது கேட்பவரையும் சேர்க்கும். 'நாங்கள்' அவரை விலக்கும். வினையிலோ இரண்டுக்கும் 'ஓம்' ஒன்றுதான். "நாளைக் காலை கண்டிக்குப் புறப்படுகிறோம்" என்று எழுவாயை விட்டுச் சொன்னால், கேட்பவர் தம் பையையும் கட்டுவதா, வழியனுப்பி வைப்பதா என்பதை வினை சொல்லாது. முன்பேச்சும் உதவாதபோது, கவனமாகப் பேசுகிறவர் அங்கே 'நாங்கள்' என்பதை விடுவதில்லை.