ஒரு கவுனை இத்தாலியனில் எழுதுவது: கீழ்வரியிலிருந்து தொடங்குவோம்

அனைவருக்கும் வணக்கம்.

ஆடைக் கேட்லாக்கை ஆங்கிலத்திலிருந்து இத்தாலிய மொழிக்குக் கொண்டுபோகும் வேலையைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு உடையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் விவரக் குறிப்பை உங்கள் முன்னால் மொழிபெயர்த்துக் காட்டுகிறேன். இந்த வேலையில் மாட்டிக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு குறிப்பிலேயே வந்துவிடும்.

மூலக் குறிப்பு இது. “சில்க்கி சாட்டின் ஸ்லிப் டிரஸ். பயஸ் கட். ஸ்பகெட்டி ஸ்ட்ராப். ஃபாக்ஸ் லெதர் பெல்ட்.” அதன் கீழே, “95% பாலியஸ்டர், 5% எலாஸ்டேன்.” அதற்கும் கீழே சலவைக் குறிப்பு: மெஷினில் குளிர்ந்த நீரில் மென்மையாக, விரித்துப்போட்டு உலர்த்தவும், உள்பக்கம் திருப்பி மிதமான சூட்டில் இஸ்திரி, டிரை கிளீனிங் வேண்டாம்.

நம்மில் பலர் மேல்வரியில்தான் தொடங்குவோம். அழகான வரி அது, கை அங்கேதான் போகும். நான் கடைசி வரியிலிருந்து மேலே ஏறச் சொல்கிறேன். காரணம், இந்த மூன்று பகுதிகளுக்கும் மூன்று வேறு எஜமானர்கள். நார் விவரத்துக்குச் சட்டம். சலவைக்கு லேபிளில் இருக்கும் குறியீடு. வர்ணனைக்கு மட்டுமே நம் ரசனை. சட்டமும் குறியீடும் என்ன சொல்கின்றன என்று தெரியாமல் வர்ணனையை எழுதினால், கீழே சொன்னதை மேலே நாமே மறுத்துவிடுவோம்.

சலவைக் குறிப்பைப் பாருங்கள். இதை வார்த்தையைப் பார்த்து மொழிபெயர்க்காதீர்கள், வாடிக்கையாளரிடம் லேபிளின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப்பெட்டி, வட்டம் என்ற வரிசையில் ஐந்து குறிகள் இருக்கும். துவைப்பு, ப்ளீச், உலர்த்தல், இஸ்திரி, தொழில்முறைச் சலவை என்று அவற்றுக்குப் பொருள். ஐரோப்பாவில் இந்தக் குறிகளைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு ஜினெடெக்ஸ். சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 3758. மூலத்தில் “குளிர்ந்த நீர்” என்று இருக்கிறது. லேபிளின் தொட்டியில் 30 என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடுதான் மென்மையான சுற்று. அப்படியானால் இத்தாலியனில் “லவாரே இன் லவாத்ரிச்சே ஆ 30 கிராதி, சிக்லோ தெலிகாதோ”. “குளிர்ந்த நீர்” என்று எழுதினால் வாசகர் பச்சைத்தண்ணீர் என்று எடுத்துக்கொள்வார், லேபிளோ 30 என்று சொல்லும். ஒரே உடைக்கு இரண்டு கட்டளை ஆகிவிடும்.

வினைச்சொல்லின் வடிவத்தையும் கவனியுங்கள். வர்ணனையில் சில கடைகள் வாசகரை “நீ” என்று அழைத்து எழுதச் சொல்லும். சலவையில் அதற்கு இடமில்லை. துவைக்கச் சொல்ல லவாரே, இஸ்திரி போடச் சொல்ல ஸ்திராரே, ப்ளீச்சைத் தடுக்க நோன் காந்தெஜ்ஜாரே என்று வினையின் அகராதி வடிவமே வரும். யாரையும் விளிக்காத கட்டளை அது. இன்னோர் இடறலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் டிரை கிளீனிங்கிலும் உலர்த்தலிலும் ஒரே “டிரை”. இத்தாலியனில் முதலாவது “லவாரே ஆ செக்கோ”, இரண்டாவது “அஷுகாரே”. அவசரத்தில் தட்டச்சு செய்பவர் டிரை கிளீனிங்கைத் தடுக்கும் வரியில் அஷுகாரே போட்டுவிட்டால், “இந்த உடையை உலர்த்தாதே” என்று அச்சாகிவிடும். பதிவுகளை முடித்ததும் “செக்கோ”, “அஷு” இரண்டையும் தேடி, ஒவ்வொன்றும் எந்தக் குறியோடு போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து நார் விவரம். இங்கே நமக்குச் சுதந்திரமே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 என்ற ஒழுங்குமுறை 2012 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பின்னிணைப்பில் நார்களின் பெயர்கள் பட்டியலாக இருக்கின்றன, ஒன்றியத்தின் ஒவ்வோர் ஆட்சிமொழியிலும் தனித்தனியே. இத்தாலியப் பதிப்பைத் திறந்து அதில் உள்ளபடியே எடுத்து எழுத வேண்டும். நம் கவுனுக்கு “95% போலியெஸ்தெரே, 5% எலாஸ்தான்”. ஆங்கிலத்தில் இருக்கும் கடைசி எழுத்தை எலாஸ்தானுக்குச் சேர்க்காதீர்கள். லைக்ரா என்பது வணிகப்பெயர். பக்கத்தில் போடலாம், நாரின் பெயருக்குப் பதிலாகப் போடக்கூடாது. மூங்கில் துணி என்று வருவதும் அப்படித்தான். பட்டியலில் மூங்கிலுக்கு இடமில்லை. மூங்கில் கூழிலிருந்து விஸ்கோஸ் முறையில் எடுத்த நாராக இருந்தால் அதன் பெயர் “விஸ்கோஸா”. வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் இதை அவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

இந்த ஒழுங்குமுறை துணியோடு தைத்த லேபிளுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். வாங்குவதற்கு முன்பே வாசகருக்கு நார் விவரம் தெரிய வேண்டும் என்பதால் கேட்லாக்கும் இணையக் கடையும் அதற்குள் அடக்கம். ஜீன்ஸின் இடுப்பில் தோல்பட்டை தைத்திருந்தால், சட்டையில் கொம்புப் பொத்தான் இருந்தால், “கொந்தியேனே பார்த்தி நோன் தெஸ்ஸீலி தி ஒரீஜினே அனிமாலே” என்ற வாசகமும் வேண்டும். விலங்கிலிருந்து வந்த, துணியல்லாத பகுதிகள் உண்டு என்பது பொருள். சட்டத்தில் உள்ள வாசகம் இது, மெருகேற்றக்கூடாது.

இப்போதுதான் மேல்வரிக்கு வருகிறோம். “சில்க்கி சாட்டின்.” நாரைப் பார்த்துவிட்டோம், பட்டு ஓர் இழைகூட இல்லை. இத்தாலியனில் பட்டு “சேதா”, பட்டுப் போன்றது “சேதோஸோ”. நல்ல இசையுள்ள சொல். ஆனால் ஒரு நாரின் பெயரை இன்னொரு நாருக்குப் பெயரடையாகக்கூட வைக்கக்கூடாது என்கிறது அதே ஒழுங்குமுறை. தொடுவுணர்வைத்தானே சொல்கிறோம் என்று வாதாடலாம், எனக்கு அந்த வாதத்தில் இறங்க விருப்பமில்லை. சாட்டின் என்பது நெசவின் பெயர், நாரின் பெயரல்ல. அதை “ராஸோ” என்று எழுதி, பளபளப்பைச் சொல்ல “லூச்சிதோ”, வழுவழுப்பைச் சொல்ல “லீஷோ” என்று வைத்தால் உண்மையும் கெடாது, அழகும் குறையாது.

“ஸ்லிப் டிரஸ்.” இதில் எத்தனையோ பேர் வழுக்கி விழுகிறார்கள். ஸ்லிப் என்ற ஆங்கிலச் சொல்லை இத்தாலியர்கள் எடுத்துக்கொண்டு ஜட்டிக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். உள்பாவாடை போன்ற அந்த மெல்லிய கவுன் அவர்களுக்கு “ஆபிதோ சொத்தோவெஸ்தே”. இப்படி வேடம் மாறிய ஆங்கிலச் சொற்கள் இன்னும் உண்டு. டக்ஸிடோவை “ஸ்மோக்கிங்” என்பார்கள், கம்பளி ஸ்வெட்டரை “கோல்ஃப்” என்பார்கள். நமக்கு நெருக்கமான துணி ஒன்றில், ஃப்ளீஸில், இரட்டைக் குழப்பம். குளிருக்குப் போடும் பாலியஸ்டர் ஃப்ளீஸை அவர்கள் “பைல்” என்பார்கள். திருப்பூரில் ஃப்ளீஸ் என்று சொல்லும், உள்பக்கம் ரோமம் கிளப்பிய பருத்திப் பின்னலாடைத் துணியோ அவர்களுக்கு “ஃபெல்பா கர்ஸாதா”. இரண்டில் எது என்று மூலம் சொல்லாது, கீழே உள்ள நார்வரி சொல்லிவிடும்.

“ஸ்பகெட்டி ஸ்ட்ராப்.” ஸ்பகெட்டியின் தாயகம் இத்தாலி என்பதால் அப்படியே வைத்துவிடத் தோன்றும். அவர்கள் கேட்லாக்கில் வழக்கமாக எழுதுவது “ஸ்பல்லீனே சொத்தீலி”, மெல்லிய தோள்பட்டி. அவ்வளவுதான்.

“பயஸ் கட்.” நம் ஊர்த் தையல்கடையில் கிராஸ் கட் ஜாக்கெட் என்கிறோமே, அதே வெட்டு. நெசவு ஓட்டத்துக்கு 45 டிகிரி சாய்வாகத் துணியை வெட்டுவது. இத்தாலியனில் “தால்யோ இன் ஸ்பியேகோ”. நேர்வெட்டில் நூல் பாரத்தைத் தாங்கும். சாய்வெட்டில் அப்படியில்லை, துணி நெகிழ்ந்து உடம்போடு வழியும், ஈரத்தோடு தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீண்டு, கீழ்விளிம்பு ஏறியும் இறங்கியும் போகும். சலவை வரியில் “விரித்துப்போட்டு உலர்த்தவும்” என்று ஏன் இருந்தது என்பது இப்போது புரிகிறதல்லவா? அங்கே “அஷுகாரே இன் பியானோ”, இங்கே “ஸ்பியேகோ”. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. வேறொரு பதிவில் சாய்வெட்டு என்று மேலே இருந்து, கீழே கொடியில் தொங்கவிடச் சொல்லியிருந்தால் இரண்டில் ஒன்று தவறாக இருக்கலாம். மொழிபெயர்த்துவிட்டு நகராதீர்கள், கேள்வியாக எழுதி அனுப்புங்கள். கேட்லாக் முழுவதற்கும் இப்படிப் பத்துப் பதினைந்து கேள்விகள் எழும். வாடிக்கையாளர் அவற்றுக்கு நன்றி சொல்வார்.

பெல்ட் மிச்சமிருக்கிறது. ஃபாக்ஸ் லெதர், அதாவது போலித்தோலுக்கு, இத்தாலிய அகராதி “சிமில்பெல்லே”, “எக்கோபெல்லே” என்று சொற்களை அள்ளித் தரும். அங்கே 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 68/2020 என்ற சட்ட ஆணை, விலங்குத் தோல் அல்லாத பொருளுக்குத் தோலையும் ரோமத்தோலையும் குறிக்கும் “பெல்லே”, “குவோயோ”, “பெல்லீச்சா” ஆகிய சொற்களை வைக்கக்கூடாது என்கிறது, சொல்லின் முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோகூட. அகராதி தரும் இரண்டு சொற்களும் “பெல்லே” என்று முடிகின்றன, அதனால் இரண்டும் போயிற்று. பழைய சொல்வங்கியில் இவை இருந்தால் முதலில் அங்கே நீக்குங்கள். பெல்ட் எதனால் ஆனது என்று கேட்டால் பாலியூரித்தேன் என்று பதில் வரும். “சின்தூரா இன் போலியுரெத்தானோ” என்று எழுதிவிடுங்கள். கவர்ச்சி குறைகிறது என்ற வருத்தம் எனக்கும் உண்டு.

இனிக் கோத்துவிடலாம். “ஆபிதோ சொத்தோவெஸ்தே இன் ராஸோ லூச்சிதோ, தால்யோ இன் ஸ்பியேகோ, கோன் ஸ்பல்லீனே சொத்தீலி எ சின்தூரா இன் போலியுரெத்தானோ.” வினைச்சொல்லே இல்லை பாருங்கள். துணிக்கும் வெட்டுக்கும் முன்னால் “இன்”, சேர்த்து வைத்த உறுப்புக்கு முன்னால் “கோன்”. கோடுபோட்டது, கட்டம்போட்டது என்றால் “ஆ” வரும். இத்தாலியக் கேட்லாக்கின் நடை இந்தச் சிறு சொற்களில்தான் நிற்கிறது.

நிறத்தைச் சொல்லாமல் விட முடியாது. கடையின் மென்பொருள் உடையின் பெயரையும் நிறத்தையும் தனித்தனிக் கட்டத்தில் வைத்துக்கொண்டு தானே ஒட்டும். கறுப்பு இத்தாலியனில் “நேரோ”. ஆபிதோ ஆண்பால், அதனால் “ஆபிதோ நேரோ” சரி. பாவாடையான “கோன்னா” பெண்பால், “கோன்னா நேரோ” என்று ஒட்டினால் அது கேட்கச் சகிக்காத தப்பு, “நேரா” என்று வர வேண்டும். ரோஸா, ப்ளூ, பேஜ் போன்றவை எதனோடும் மாறாது. “வேர்தே பொத்தீல்யா” என்ற பாட்டில் பச்சையும் மாறாது. பெயருக்குப்பின் நிறத்தை ஒட்டாமல் “நிறம்: நேரோ” என்று தனியே காட்டும்படி கேட்டுவிட்டால் சிக்கலே இல்லை.

கடைசியாக அளவு. பெண்கள் உடையில் பிரிட்டிஷ் 10 என்றால் இத்தாலிய அளவு வழக்கமாக 42, பிரெஞ்சு 38, ஜெர்மன் 36. ஐரோப்பிய அளவு என்று மூலத்தில் ஒற்றை எண் இருந்தால், எந்த நாட்டு எண் என்று கேட்காமல், அளவைக் குறிக்கும் “தால்யா” என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதை எழுதாதீர்கள். ஜெர்மன் 36 என்பதை இத்தாலியப் பெண் தன் ஊர் 36 என்று படித்தால் அவருக்குச் சிறுமியின் அளவாகத் தோன்றும். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறவும் செய்யும், அதனால் மார்பு, இடுப்பு அளவுகளைச் சென்டிமீட்டரில் கேட்டு வாங்கி எண்ணுக்கு அருகே அச்சிடச் சொல்லுங்கள்.

நன்றி. கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.